காய்ந்த துண்டு ஏன் நாறுகிறது?

போன கார்த்திகையில் ஒரு நாள் காலையில் முகம் கழுவிவிட்டுத் துண்டை எடுத்துத் துடைத்தேன். கொடியில் இரண்டு நாள் கிடந்து, தொட்டால் காய்ந்துதான் இருந்தது, மடிக்கும்போது முகர்ந்து பார்த்தபோதுகூட சாஃப்ட்னர் போட்ட மல்லிகை வாசம்தான் வந்தது. ஆனால் ஈர முகம் பட்ட மறுநொடி அந்த மல்லிகைக்கு நடுவிலிருந்து நனைந்த நாய் ஒன்று எழுந்து வந்த மாதிரி ஒரு வாடை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், புதிதாக எதுவும் இல்லை. என்னை உறுத்தியது வேறு. காய்ந்திருக்கும்போது இல்லாத வாடை, நனைந்ததும் எங்கிருந்து வருகிறது?

எங்கள் வீட்டில் துணி துவைப்பது என் வேலை. மண்டபத்தில், பாக் விரிகுடாப் பக்கம் பார்த்த வீடு. ஐப்பசி பிறந்துவிட்டால் வாடைக்காற்று வடக்கு வராந்தாவில் நேராக வந்து முட்டும், அதோடு கடலின் சாரலும் வரும். வெளியே போட்ட துணி மழையில் நனையாமல் தப்பினாலும் பிசுபிசுவென்று ஆகிவிடும். அதனால் தீபாவளி முடிந்ததும் கொடிக்கயிறு நடு அறைக்குள் வந்துவிடும், பொங்கல் வரைக்கும் வீட்டுக்குள் குனிந்துதான் நடப்போம்.

இந்த வாடைக்கு அம்மா எப்போதும் ஒரே காரணம்தான் சொல்வார்: "உப்புத் தண்ணில அலசுனா துணி எப்படிப்பா காயும்? காயாட்டி நாறத்தான செய்யும்." சமையலறையில் கல் உப்பு ஜாடி கசிந்து நிற்பதைக் காட்டுவார். அதுதானே துணிக்குள்ளும் இருக்கிறது, அதுவும் கசியும் என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெயில் காலத்திலும் அதே கிணற்றுத் தண்ணீர்தான், அதே உப்புதான், அப்போது நாறவில்லையே. பல வருஷமாக இந்தக் கேள்வி எனக்குள் அரைகுறையாகவே கிடந்தது.

கதவைச் சாத்திய அறை

முதலில் நான் செய்துகொண்டிருந்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சாரல் உள்ளே வரக்கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, துணியைக் கொடியில் போட்டு, மேலே மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். விசிறி சுற்றினால் துணி காயும் என்பது என் நம்பிக்கை. சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி அறையில் வைத்த அன்றுதான் அதன் லட்சணம் தெரிந்தது. துணி போடும்போது 82 சதவீதம் காட்டியது. ஒரு மணி நேரத்துக்குள் 95-ஐத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டது. விடிய விடிய விசிறி சுற்றியும் காலையில் துணி ஏறக்குறைய அப்படியே இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. அதாவது 28 கனமீட்டர் காற்று. 27 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 26 கிராம் நீராவியைத்தான் தாங்கும், ஆக மொத்த அறையும் தாங்குவது முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அதில் 82 சதவீதம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. மிச்சம் இருக்கும் இடம் சுமார் 130 கிராமுக்கு மட்டும். மெஷினில் பிழிந்து எடுத்த ஒரு ஈடு துணியில் இரண்டு லிட்டர் தண்ணீராவது இருக்கும். நிரம்பிய குடத்தில் இன்னும் இரண்டு குடம் ஊற்றப் பார்த்த கதைதான். விசிறி அந்த நிரம்பிய காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது.

அதனால் இப்போது செய்வது இதுதான். சாரல் அடிக்கும் வடக்கு ஜன்னலை ஒரு விரற்கடை மட்டும் திறந்து வைக்கிறேன், தெற்கு ஜன்னலை முழுசாகத் திறந்துவிடுகிறேன். மேலே சுற்றும் விசிறியை நம்பாமல் ஒரு ஸ்டாண்ட் ஃபேனை வைத்து, துணிகளுக்கு இடையே காற்று பக்கவாட்டில் புகுந்து தெற்கு ஜன்னல் வழியாக வெளியேறும்படி திருப்பி வைக்கிறேன். வெளியே மழை பெய்தாலும் வெளிக்காற்று 100 சதவீதத்தில் நிற்பதில்லை. மழை விட்ட மதியங்களில் 75-க்கு இறங்கும். அந்த நாலைந்து மணி நேரம்தான் காயும் நேரம், அதைப் பிடிக்கவேண்டும். ராத்திரி துவைத்து ராத்திரி காயப்போடும் பழக்கத்தை விட்டதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது.

வாங்கி ஏமாந்ததையும் சொல்கிறேன். ஆன்லைனில் தண்ணீர் சொம்பு அளவில் ஒரு குட்டி டீஹியூமிடிஃபையர் வாங்கினேன். ஒரு நாள் முழுக்க ஓடி ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தது, அந்த ஒரு துண்டுக்கே போதாது. கம்ப்ரெஸர் வைத்த பெரியது வேலை செய்யும், ஆனால் விலை கையைக் கடிக்கும். ஏசி உள்ளவர்கள் அதை டிரை மோடில் போட்டால் அதே வேலை நடக்கும், அப்போது ஜன்னலைச் சாத்தவேண்டும் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஈரத்தை உறிஞ்சும் வெள்ளைக் குருணை டப்பாக்கள் பீரோவுக்குள் வைக்க நல்லவை, ஈரத் துணி தொங்கும் அறையில் அவை கடலில் கரைத்த பெருங்காயம். சாம்பிராணியும் அந்துருண்டையும் வாடையை மூடுமே தவிர எடுக்காது.

துண்டை எடை போட்ட நாள்

சரி, காற்றோட்டத்தைச் சரி செய்தாயிற்று, துணி ஏழெட்டு மணி நேரத்தில் காயவும் தொடங்கியது. புதுத் துணிகள் நாறவில்லை. ஆனால் பழைய துண்டுகள் மட்டும் நாறிக்கொண்டேதான் இருந்தன. அம்மா விடவில்லை: "உப்புத்தான்."

கேக் செய்வதற்கென்று வாங்கி இரண்டு முறைக்கு மேல் தொடாத சமையல் தராசு ஒன்று இருந்தது, ஒரு கிராம் வரைக்கும் காட்டும். ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்கிய இரண்டு புதுத் துருக்கித் துண்டுகளை எடுத்தேன். வெயில் அடித்த ஒரு மதியம் காயவைத்து எடை போட்டால் இரண்டுமே 382 கிராம் பக்கம். இரண்டையும் ஒன்றாகத் துவைத்தேன். ஒன்றைக் கடைசியாக இரண்டு தடவை கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். எங்கள் கிணற்றில் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, 2,900 மில்லிகிராம், ஆர்.ஓ. மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற வந்த தம்பி மீட்டரை விட்டுப் பார்த்துச் சொன்னது. இன்னொன்றை மாடியிலிருந்து பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் அலசினேன், அதில் 30 காட்டியிருந்தது. இரண்டையும் கையால் முறுக்கிப் பிழிந்தால் ஒவ்வொன்றும் 780 கிராம், அதாவது துண்டு தன் எடையளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டு மணிக்கு ஒரு தரம் இறக்கி எடை போட்டுக்கொண்டிருந்தேன். பாம்பனிலிருந்து வந்திருந்த மதினி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன கொழுந்தனாரே, நண்டுக்குப் பதிலாத் துண்டை எடை போட்டு ஏத்துமதி பண்ணப் போறீகளா?" என்றார்.

நான் எதிர்பார்த்தது உப்புத்துண்டு பின்தங்கும் என்று. அப்படி நடக்கவில்லை. முதல் சில மணி நேரம் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் மணிக்கு அறுபது எழுபது கிராம் இழந்தன. சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டும் 410 பக்கம் வந்துவிட்டன. விஷயம் மறுநாள் காலையில்தான் தெரிந்தது. மழைத் தண்ணீர்த் துண்டு 397, கிணற்றுத் தண்ணீர்த் துண்டு 404. ஏழு கிராம் வித்தியாசம். அந்த ஏழு கிராமைக் கையால் தொட்டாலே உணர முடிந்தது, ஒன்று மொறுமொறு, இன்னொன்று குளிர்ந்து பிசுபிசுப்பு.

அந்த ஏழு கிராமுக்குக் கணக்கும் ஒத்துவந்தது. 400 மில்லி கிணற்றுத் தண்ணீர் வற்றினால் துணியில் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே உப்பு மிஞ்சும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், ஜாடி கசிவது அதனால்தான். 88, 90 சதவீதம் இருக்கும் ஒரு விடியற்காலையில் அது தன் எடையைப்போல ஐந்தாறு மடங்கு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அம்மா சொன்ன கசிவு உண்மைதான். ஆனால் அது ஒரு ஸ்பூன் தண்ணீர் சமாசாரம். மேலும் உப்பு சேர்ந்துகொண்டே போகாது. அடுத்த துவைப்பில் கரைந்து ஓடிவிடும், புதுசாக அதே அளவு வரும். கடல் தண்ணீரிலேயே நனைந்த துணி என்றால் கதை வேறு, அதில் உப்பு பன்னிரண்டு மடங்கு. தொழிலுக்குப் போய் வந்த கைலியை நல்ல தண்ணீரில் அலசாமல் எத்தனை நாள் போட்டாலும் காயாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

முக்கியமானது அதற்கப்புறம் செய்தது. இரண்டு புதுத் துண்டுகளையும், நாறும் பழைய துண்டு ஒன்றையும் மூன்று கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் முனையை மட்டும் நனைத்து வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் பழைய துண்டிலிருந்து நாய் எழுந்துவிட்டது. உப்புத்துண்டு, மழைத்துண்டு இரண்டிலும் ஒரு வாடையும் இல்லை. மதினியை முகரச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் முகர்ந்து சரியாகப் பழையதைக் காட்டினார். ஆக, வாடை காற்றிலும் இல்லை, உப்பிலும் இல்லை, அந்தத் துண்டுக்குள் குடியிருக்கிறது. காய்ந்தால் தூங்குகிறது, நனைந்தால் எழுந்திருக்கிறது.

குடியிருப்பவர் யார்

இதை ஜப்பான்காரர்கள் ஏற்கெனவே தோண்டிப் பார்த்துவிட்டார்கள். வீட்டுக்குள் துணி காயப்போடும் பழக்கம் அங்கே நம்மைவிட அதிகம். துணியின் ஈர வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற ஒரு பாக்டீரியா என்று 2012-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் தோலிலிருந்து துணியில் ஒட்டும் எண்ணெய்ப்பசை மாதிரியானவற்றைத் தின்று, ஒரு வாடை வீசும் அமிலத்தை அது வெளியிடுகிறது. காய்ந்து போனாலும், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டாலும் இது எளிதில் சாவதில்லை. அதனால்தான் ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டு எடுத்தும் வாடை திரும்பி வருகிறது.

அதற்குச் சாப்பாடு போட்டு வளர்த்தது நான்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு மட்டும் இல்லை, சுண்ணாம்பும் மக்னீசியமும் உண்டு. வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து ஒரு பிசுக்காக நூலில் ஒட்டும், பவுடரின் வேகமும் குறையும், உடம்பு எண்ணெய் முழுசாகப் போகாது. உப்பைப்போல இது அடுத்த துவைப்பில் கரைந்து போவதில்லை, ஒவ்வொரு துவைப்பிலும் ஏடு ஏடாகச் சேரும். அதன் மேலே நான் வாசத்துக்காகச் சாஃப்ட்னர் ஊற்றினேன், அதுவும் நூலைச் சுற்றிப் பூசிக்கொள்ளும் ஒரு மெழுகுப் படலம்தான். இரண்டு வருஷமாக, நாற நாற இன்னும் ஒரு மூடி அதிகமாக ஊற்றியிருக்கிறேன். துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கிக்கொண்டு போனால், அந்தப் படலம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு மருந்து என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னார், அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேட்டி துண்டை எல்லாம் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்துத்தான் கொண்டுவருவார்கள், மழைக்காலத்திலும் நாறியதில்லை என்று. உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. வெள்ளாவி என்பது நீராவிச் சூடு. காரமும் சூடும். படலத்தைக் கரைக்கக் காரம், பாக்டீரியாவைக் கொல்லச் சூடு. நான் தேடிக்கொண்டிருந்தது சலவைத்துறையில் எப்போதோ நடந்துகொண்டிருந்திருக்கிறது.

வீட்டில் செய்வது இப்படி. தேவையான சூடு 60 டிகிரி, தெர்மாமீட்டர் வேண்டாம். ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஐந்து லிட்டர் சாதாரணத் தண்ணீரோடு வாளியில் கலந்தால் 64 டிகிரி அளவில் வரும், வாளியும் துணியும் கொஞ்சம் குடித்துவிட்டால் 60. மழைத் தண்ணீராக இருந்தால் நல்லது, கிணற்றுத் தண்ணீர் என்றால் பாதி சோடா சுண்ணாம்பைத் திரித்து வீழ்த்தவே செலவாகிவிடும். இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா, இரண்டு மேசைக்கரண்டி ஆக்சிஜன் பிளீச் பவுடர் போட்டுக் குச்சியால் கலக்கி, மூன்று துண்டுகளை முழுக அமுக்கி, மேலே தட்டைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடவேண்டும். பிளீச் பவுடர் வாங்கும்போது டப்பாவில் சோடியம் பெர்கார்பனேட் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். தரை கழுவும் குளோரின் பிளீச்சை எடுத்துவிடாதீர்கள், அது வண்ணத்தை உரிக்கும், வினிகரோடு சேர்ந்தால் நச்சுப்புகை வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சோடா விரலை அரிக்கும்.

முதல் தடவை தட்டைத் திறந்தபோது தண்ணீர் கஞ்சித்தண்ணீர் மாதிரி பழுப்பாகி, மேலே மெல்லிய நுரை மிதந்தது. நான் சோப்பே போடவில்லை. இரண்டு வருஷச் சோப்பும் சாஃப்ட்னரும் வெளியே வந்திருந்தது. அதை மறுபடி மெஷினில் பாதி அளவு பவுடர் போட்டுத் துவைத்து, மழைத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, பயந்து பயந்துதான் நனைத்துப் பார்த்தேன். நாய் வரவில்லை. ஒரு துண்டு மட்டும் மூன்று வாரம் கழித்து லேசாகத் தலைகாட்டியது, அதை இன்னொரு தடவை ஊறவைத்தேன். பட்டு, கம்பளி, ஸ்பான்டெக்ஸ் கலந்த துணிகளுக்கு இது ஆகாது, சாயம் போகும் கண்டாங்கிச் சேலையை இந்த வாளிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சட்டைகளின் அக்குளுக்குப் பெரும்பாலும் இஸ்திரியே போதும், லேசாக ஈரம் இருக்கும்போதே துணி தாங்கும் அளவுக்குச் சூட்டை ஏற்றிக் கொஞ்சம் நிறுத்தித் தேய்த்தால் வாடை குறையும்.

மழைத் தண்ணீர் பிடிப்பது பெரிய வேலை இல்லை. எங்கள் மாடி 400 சதுர அடி, ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 370 லிட்டர் வரும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் கொட்டியதுபோல ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டினால் எங்கே பிடிப்பது என்பது வேறு விஷயம். முதல் இருபது நிமிஷத் தண்ணீரை ஓடவிட்டுவிடவேண்டும், காக்கை எச்சமும் காற்றில் வந்து படிந்த கடல் உப்பும் அதில்தான் வரும். டிரம்மின் வாயில் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டால் கொசு முட்டையிடாது. பவுடரை வழக்கமான அளவு போட்டால் மழைத் தண்ணீரில் நுரை அடங்கவே அடங்காது, பாதிதான் போடவேண்டும்.

மற்றவை எல்லாம் சின்ன விஷயங்கள். மெஷினில் ஸ்பின்னை இரண்டாவது தடவை ஓடவிடுங்கள், ஒரு துண்டுக்கு ஐம்பது கிராம் தண்ணீராவது கூடப் போகும், அது கொடியில் முக்கால் மணி நேரம். துவைத்த துணியை மெஷினுக்குள் ராத்திரி விட்டுவைப்பதும், ஈரத் துண்டை அழுக்குக் கூடையில் அமுக்குவதும் ஒன்றுதான், இரண்டிலும் அந்த பாக்டீரியாவுக்கு விருந்து. கரண்ட் போய்விட்டால் துணியை மெஷினிலிருந்து எடுத்துக் கையால் பிழிந்தாவது தொங்கவிடுங்கள். துணிக்கும் துணிக்கும் நாலு விரல் இடைவெளி, நீளமானதைக் கொடியின் இரண்டு ஓரத்திலும் குட்டையானதை நடுவிலும்.

மூன்று நாள் விடாமல் அடித்து, கரண்டும் இல்லாவிட்டால் மேலே சொன்னது எதுவும் உதவாது. அப்போது துருக்கித் துண்டைத் துவைக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஐப்பசி வந்ததும் அவற்றை மடித்து உள்ளே வைத்துவிட்டு ஈரிழைத் துண்டுகளை வெளியே எடுத்துவிட்டோம். மெல்லிசு, முறுக்கிப் பிழிந்து உதறிப் போட்டால் காற்றாடியே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. குளித்துவிட்டு அதில் துடைத்தால் துடைத்த திருப்தியே இல்லை என்று மகள் மட்டும் முணுமுணுக்கிறாள்.

அம்மாவிடம் ஏழு கிராம் கணக்கைச் சொன்னேன். நாறுவதற்கு உப்பு காரணமில்லை, பிசுபிசுப்புக்கு மட்டும்தான் என்று. "அதத்தானப்பா நானும் சொன்னேன்" என்றார். மறுநாளிலிருந்து டிரம்மிலிருந்து முதல் இரண்டு வாளி அவருடைய சுங்குடிச் சேலைக்குப் போய்விடுகிறது. மிச்சம் இருந்தால்தான் என் துண்டுக்கு.